முதல் பட்டம் எங்கே நின்றுபோனது? ஒரு விண்ணப்பத்தின் நான்கு வரைவுகள்

இரண்டாவது முறையாக இளநிலைப் பட்டத்துக்கு வருகிறவரின் கட்டுரையைப் படிக்கும்போது சேர்க்கைக் குழுவில் இருப்பவர் மனத்தில் இரண்டு சந்தேகங்கள் ஓடும். முதல் படிப்பில் சலித்துப்போனவர் இதிலும் சலித்துப்போவாரோ என்பது ஒன்று. கையில் ஒரு பட்டம் இருக்கிறதே, முதுநிலைக்குப் போகாமல் எதற்காகத் திரும்பவும் முதலாம் ஆண்டு மாணவர்களோடு வந்து உட்காருகிறார் என்பது இன்னொன்று. ஒரு சிவில் என்ஜினியரிங் துறையின் சேர்க்கைக் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறேன். நான் பார்த்த இத்தகைய கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் சந்தேகத்துக்கு விழுந்து விழுந்து பதில் சொல்லும். இரண்டாவதைக் கண்டுகொள்ளவே செய்யாது. தள்ளுபடியானவற்றில் பல அந்த இடத்தில்தான் தள்ளுபடியாயின.

குழுவிலிருந்து விலகிய பிறகு, தெரிந்தவரின் மகள் ஒருவர் தம் கட்டுரையை அனுப்பிக் கருத்துக் கேட்டார். பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு வரைவுகள். ஒரே வாழ்க்கையை நான்கு விதமாகச் சொல்லியிருந்தார். எதை அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருடைய அனுமதியோடு அந்த நான்கையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஆள் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயற்பியலில் இளநிலைப் பட்டம். படிப்பு முடிந்ததும் கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் வேலை. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கட்டடங்களின் கட்டமைப்பை வடிவமைக்கும் பொறியாளராக வேண்டும் என்கிறார். மதிப்பெண் பட்டியலில் இயக்கவியலிலும் கணிதத்திலும் நல்ல மதிப்பெண்கள். நான்காம் பருவத்தில் குவாண்டம் இயக்கவியலில் ஒரு தோல்வி, மறுமுறை எழுதித் தேர்ச்சி. விருப்பப் பாடமாக எடுத்தது வானியற்பியல். இந்தக் கடைசித் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரைவு பழியைப் பிறர் மேல் போடும் வகை. பதினேழு வயதில் வீட்டில் சொன்ன படிப்பைப் படித்தேன், கல்லூரியில் ஏட்டுப் படிப்பைத் தவிர எதுவும் இல்லை, அதனால் வழி தவறிவிட்டேன் என்று போகிறது. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். படிக்கிறவருக்கு அனுதாபமும் வரும். ஆனால் அனுதாபத்தை வைத்துக்கொண்டு குழு ஒன்றும் செய்ய முடியாது. மூன்று ஆண்டுகள் ஒரு படிப்பில் இருந்தவர் அங்கே தாம் செய்ததாக ஒன்றுகூடச் சொல்லவில்லையே என்றுதான் தோன்றும். இதை அனுப்ப வேண்டாம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன்.

இரண்டாவது, சிறு வயதுக் கனவு. மணலில் பாலம் கட்டி விளையாடிய நாளிலிருந்தே கட்டடங்கள் மேல் காதல் என்று தொடங்குகிறது. இதிலுள்ள சிக்கல் வேறு. கட்டுரையோடு மதிப்பெண் பட்டியலும் மேசையில் இருக்கிறது. கட்டடக் காதல் அத்தனை பழையது என்றால், விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கக் கிடைத்த ஒரே வாய்ப்பில் ஏன் விண்மீன்களை எடுத்தார்? நான் தொலைபேசியில் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்போது உண்மையிலேயே வானியல்தான் பிடித்திருந்தது, சார்" என்றார். அப்படியானால் அதையே எழுதலாமே என்றேன். இருபது வயதில் ஒருவருக்கு வானியல் பிடித்திருந்ததில் மறைக்க என்ன இருக்கிறது? பிடித்தது மாறியது எப்போது, எதனால் என்பதைத்தான் குழு கேட்கிறது. பழைய ஆசையை மறைத்தால் அந்த மாற்றத்தைச் சொல்லவே வழியில்லாமல் போகிறது.

உண்மையான போட்டி மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில்தான்.

மூன்றாவது வரைவை எழுதியபோது அவர் கவனமாக இருந்திருக்கிறார். இயற்பியல் வீணாகவில்லை, பொறியியலுக்கு அதுதான் அடித்தளம் என்கிறது அது. மீட்சியியலில் தகைவும் திரிபும் படித்திருக்கிறேன், அதிர்வுகள் படித்திருக்கிறேன், வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கத் தெரியும், ஆய்வகத்தில் அளவீட்டுப் பிழையைக் கணக்கிடப் பழகியிருக்கிறேன் என்று வரிசையாகச் சொல்கிறது. புலம்பல் இல்லை. முதல் பட்டத்தை மதிக்கிறது. சலித்துப்போவாரோ என்ற சந்தேகத்தை ஏறக்குறைய முழுவதும் தீர்த்துவிடுகிறது. நண்பர்கள் எல்லோரும் இதையே அனுப்பச் சொன்னார்களாம். குழுவில் இருந்திராவிட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இந்த வரைவு நன்றாக எழுதப்பட்டிருக்கும் அளவுக்கு இரண்டாவது சந்தேகம் பெரிதாகிக்கொண்டே போகிறது. இவ்வளவு தெரிந்தவருக்கு நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு எதற்கு? விடுபட்ட நாலைந்து பாடங்களை இணைப்புப் பாடங்களாக முடித்துவிட்டுக் கட்டமைப்புப் பொறியியலில் முதுநிலைக்குப் போகலாமே, காலமும் மிச்சமாகுமே என்று படிக்கிறவர் நினைப்பார். அவருடைய திறமையைப் பற்றிக் கேள்வியே எழாது. பாதையைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று முடிவுசெய்து, நல்லெண்ணத்தோடு, முதுநிலைக்கு விண்ணப்பிக்கச் சொல்லிக் கடிதம் எழுதி அனுப்பிவிடுவார்கள். நானே அப்படிச் சில கடிதங்கள் எழுதியிருக்கிறேன்.

இந்தக் கேள்விக்குப் பொறியியலில் ஒரு திட்டமான பதில் உண்டு. வடிவமைப்பில் கையெழுத்திடும் பொறியாளராக உரிமம் பெற, பல நாடுகளில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை முடித்திருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் பெரும்பாலும் முதல் பட்டத்தைச் சேர்ந்தது. 1989இல் ஆறு நாடுகளின் அங்கீகார அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கை, ஒருவர் அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்றவரும் ஏற்பதற்கு வழி செய்தது. பிறகு இன்னும் பல நாடுகள் அதில் சேர்ந்தன. அந்த உடன்படிக்கை முதன்மையாகப் பேசுவது இளநிலை நிலையிலான நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்புகளைப் பற்றி. அமெரிக்காவில் ஏபெட் என்ற அமைப்பு அங்கீகரிக்கும் பொறியியல் படிப்புகளில் மிகப் பெரும்பாலானவை இளநிலைப் படிப்புகளே; அங்கே எத்தனையோ நல்ல முதுநிலைப் படிப்புகள் தனியாக அங்கீகாரம் கேட்பதே இல்லை, ஏனென்றால் உள்ளே வருகிறவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கும் என்பது கணக்கு. இயற்பியலிலிருந்து நேராக முதுநிலைக்குள் நுழைபவர் இந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறார். கையில் பொறியியல் முதுநிலைப் பட்டம் இருக்கும். உரிம வாரியம் கேட்கும் அடிப்படைத் தகுதி இருக்காது.

இதுதான் அவருடைய நான்காவது வரைவின் முதுகெலும்பு. முதல் பட்டம் என்னை இந்தக் கதவு வரை கொண்டுவந்தது, கதவுக்குப் பூட்டு இருக்கிறது, பூட்டுக்கான சாவி இந்தப் பட்டம் என்று சொல்லும் வகை. நான் பார்த்தபோது அது மிகவும் கரடுமுரடாக இருந்தது. பாதிப் பக்கத்துக்கு விதிகள்; ஏதோ சட்ட அறிவிப்பைப் படிப்பதுபோல் இருந்தது. கூடவே ஒரு பெரிய தவறும் இருந்தது. "இயற்பியல் பட்டதாரி ஒருவர் ஒருபோதும் உரிமம் பெற்ற பொறியாளராக முடியாது" என்று எழுதியிருந்தார். இது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தொடர்புடைய அறிவியல் பட்டத்தோ‌டு கூடுதல் ஆண்டு அனுபவத்தை ஏற்கும் உரிம வாரியங்கள் உண்டு. கலிபோர்னியாவில் பட்டமே இல்லாமல் நீண்ட அனுபவத்தையும் தேர்வுகளையும் கொண்டு உரிமம் பெற வழி இருக்கிறது. குழுவில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்கும். பூட்டு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அந்தப் பூட்டைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்துவிட்டால் கட்டுரை அங்கேயே படுத்துவிடும்.

ஆகவே அவர் முதலில் செய்ய வேண்டியிருந்தது எழுத்து வேலை இல்லை. தாம் பணிபுரிய விரும்பும் இடத்தின் உரிம வாரியத்துக்கு எழுதி, தம் பட்டத்தையும் பாடப் பட்டியலையும் காட்டி, இது ஏற்கப்படுமா, முதுநிலை சேர்த்தால் ஏற்கப்படுமா என்று இரண்டு கேள்விகள் கேட்டார். மூன்று வாரத்தில் பதில் வந்தது: இரண்டுக்கும் இல்லை, அங்கீகாரம் பெற்ற இளநிலைப் பொறியியல் பட்டம் தேவை. பாதிப் பக்க விதிகளின் இடத்தில் இப்போது ஒரே வாக்கியம் போதுமாகிவிட்டது. வாரியத்திடம் கேட்டேன், இப்படிப் பதில் வந்தது, அதனால்தான் முதுநிலைக்கு விண்ணப்பிக்கவில்லை. வாரியத்தின் பதில் வேறாக இருந்திருந்தால்? அவர் கட்டுரையை மட்டுமல்ல, விண்ணப்பத்தையே மாற்ற வேண்டியிருந்திருக்கும். நான்கு ஆண்டுகளைச் செலவிடப் போகிறவர் அதை முன்னதாகவே தெரிந்துகொள்வது நல்லதுதானே.

விதி இருக்கிறது என்பதோடு கட்டுரை முடிந்துவிடாது. உரிமத்துக்காக மட்டும் வருகிறார் என்றால் அதுவும் படிக்கிறவருக்கு உறுத்தும். தனக்கு என்ன தெரியாது என்பதை அவர் எப்படிக் கண்டுகொண்டார் என்று தெரிய வேண்டும். ஆய்வகத்தில் அன்றாடம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். பேச்சுவாக்கில், கட்டுரையின் எந்த வரைவிலும் இல்லாத ஒரு விஷயத்தைச் சொன்னார்.

கட்டுமான இடத்தில் கான்கிரீட் ஊற்றும்போதே அதே கலவையில் 150 மில்லிமீட்டர் கனசதுரங்கள் வார்த்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அவற்றை நீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் அழுத்தும் எந்திரத்தில் வைத்து உடைத்துப் பார்ப்பது இவருடைய வேலை. ஒருநாள் ஒரு கனசதுரம் 495 கிலோநியூட்டனில் உடைந்தது. பரப்பால் வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன். வடிவமைப்பில் கேட்டிருந்தது 25. அதே வாரத்தில் வேறொரு கலவையின் மாதிரியும் 22 காட்டியது. இரண்டையும் ஒரே மாதிரி அறிக்கையாக எழுதிப் பொறியாளரிடம் கொடுத்தார். பொறியாளர் வரைபடத்தை விரித்து, இந்தக் கலவை கட்டடத்தில் எங்கே போனது என்று கேட்டார். ஒன்று மேல்தளத்துக்குப் போயிருந்தது, மற்றொன்று கீழ்த்தளத் தூண்களுக்கு. தளத்தைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். தூண்களுக்கு உடனே, உள்ளிருந்து உருளை மாதிரிகள் துளைத்தெடுக்கச் சொன்னார்.

ஒரே எண்ணுக்கு இரண்டு தீர்ப்பு ஏன் என்று இவருக்குப் புரியவில்லை. பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். தளம் வளையும்போது அதன் தாங்குதிறனைப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கம்பி தீர்மானிக்கிறது. கான்கிரீட் கொஞ்சம் குறைந்தால் அந்தத் திறன் சிறிதளவே குறையும். தூணில் சுமையின் பெரும்பங்கைக் கான்கிரீட்டே தாங்குகிறது. அங்கே குறைந்தது நேராகத் தாங்குதிறனில் குறையும். சொன்னதும் விளங்கிவிட்டது, தகைவும் திரிபும் படித்தவர்தானே. ஆனால் யாரும் சொல்லாமல் தானாக அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். வலுவூட்டிய கான்கிரீட் வடிவமைப்பு, கட்டமைப்புப் பகுப்பாய்வு, மண் இயக்கவியல், ஒரு முழுக் கட்டடத்தைக் குழுவாக வடிவமைக்கும் இறுதியாண்டுத் திட்டப்பணி ஆகியவை எதுவும் அவருடைய முதல் பட்டத்தில் இல்லை.

இதை ஏன் எழுதவில்லை என்றேன். சாதாரண ஆய்வக வேலைதானே, இதில் என்ன இருக்கிறது என்றார். விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு எப்போதும் இந்த நோய் உண்டு. குழுவுக்குத் தேவையானது கையிலேயே இருக்கும், அதைச் சாதாரணம் என்று தள்ளிவிட்டு மணலில் கட்டிய பாலத்தைத் தேடிப் போவார்கள்.

இறுதி வடிவத்தில் நான்காவது வரைவே நின்றது, மூன்றாவதிலிருந்து ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு. இரண்டு 22களின் கதை முதலில் வந்தது. அடுத்து, அந்தக் கேள்வியைக் கேட்க எந்தப் பாடங்கள் தேவை, அவை முதல் பட்டத்தில் ஏன் இல்லை என்பது. இயற்பியல் படிப்பின் வேலை வேறு என்று மட்டும் சொன்னார், குறை சொல்லவில்லை. பிறகு வாரியத்தின் பதில். அதன் பின்தான் இயற்பியலின் பலன்கள். மூன்றாவது வரைவில் முழுக் கட்டுரையையும் அடைத்துக்கொண்டிருந்த பகுதி இது. இங்கே அதற்கு வேறொரு வேலை கிடைத்தது: கணிதம், இயற்பியல் போன்ற முதலாண்டுப் பாடங்களுக்கு விலக்குக் கேட்கும் நியாயம். இரண்டாவது பட்டத்துக்கு வருகிறவர்களின் பழைய பாடங்களில் சிலவற்றைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அமெரிக்காவில் பல இடங்களில், குறைந்தது 30 கிரெடிட்டுகளாவது தங்களிடம் புதிதாகப் படிக்க வேண்டும் என்று ஓர் அடிக்கோடு வைத்திருப்பார்கள். பொறியியலில் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதால், விலக்குக் கிடைத்தாலும் காலம் பெரிதாகக் குறையாது. இவர் கணக்கிட்டபோது நான்கு ஆண்டு மூன்றாகத்தான் குறைந்தது. அதையும் அப்படியே எழுதினார். தன் திட்டத்தின் நீளம் தெரிந்தவர் என்று அந்த ஒரு வரி காட்டியது.

குவாண்டம் இயக்கவியல் தோல்விக்கு இரண்டு வாக்கியங்கள் ஒதுக்கினோம். அந்தப் பருவத்தில் பகுதிநேர வேலை நேரம் கூடிவிட்டது, அடுத்த பருவத்தில் வேலையைக் குறைத்துக்கொண்டு தேர்ச்சி பெற்றேன். அவ்வளவுதான். முதல் வரைவில் இதற்கு ஒரு பத்தி முழுவதும் போயிருந்தது. தோல்வியைச் சொல்லாமல் விட்டாலும் மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடும்; நீட்டிச் சொன்னால் கட்டுரை அதைப் பற்றியதாக ஆகிவிடும்.

இடப் பற்றாக்குறையும் ஒரு காரணம். பிரிட்டனின் யூகாஸ் விண்ணப்பத்தில் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே நீண்ட கட்டுரைக்குப் பதிலாக மூன்று கேள்விகள் வைத்திருக்கிறார்கள்: இந்தப் படிப்பை ஏன் விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு உங்களை எப்படித் தயார்செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்திருக்கிறீர்கள். மூன்றுக்கும் சேர்த்து இடைவெளி உட்பட 4000 எழுத்துகள்தான், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. இப்படிப் பிரித்துக் கேட்கும் இடத்தில் மூன்றாவது வரைவு முழுவதும் இரண்டாம் கேள்விக்குள் போய் அடங்கிவிடும். முதல் கேள்வி காலியாக நிற்கும். நான்காவது வரைவில் பூட்டு முதல் கேள்விக்கும், பழைய படிப்பு இரண்டாவதற்கும், இரண்டு 22கள் மூன்றாவதற்கும் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன. தனித்தனியாகப் பிரித்துப் போட்டாலும் நிற்கிறதா என்று பார்ப்பது, எந்த வரைவுக்கும் நல்ல சோதனை.

எல்லோரும் நான்காவது வகையையே எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செவிலியர், இயன்முறை மருத்துவர், பொறியாளர் என்று உரிமம் பட்டத்தோடு கட்டப்பட்டிருக்கும் தொழில்களில் அது கைகொடுக்கும். கணினி நிரல் எழுதப் போகிறவரிடம் பூட்டு எதுவும் இல்லை. பட்டமே இல்லாதவர்களும் அந்த வேலையில் இருக்கிறார்கள். அவர் பூட்டுக் கதை சொன்னால் பொய்யாக ஒலிக்கும். அவர் மூன்றாவது வகையைத்தான் எழுத வேண்டும், முதுநிலைக்கு முயன்றபோது எந்த முன்பாடங்கள் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள் என்பதோடு சேர்த்து. அப்படி எவரும் திருப்பி அனுப்பவே இல்லையென்றால், இரண்டாவது இளநிலை தனக்குத் தேவைதானா என்று ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

இவருக்கு நேர்காணல் அழைப்பு வந்தது. உரிமத்தைப் பற்றியும் வானியற்பியலைப் பற்றியும் கேட்பார்கள் என்று நிறையத் தயார்செய்துகொண்டு போனார். வானியலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. குழுவில் இருந்த ஒருவர் கட்டுரையைப் புரட்டிவிட்டு, "அந்தத் தூண்கள் என்ன ஆயின?" என்றார்.

மூன்று உருளைகள் எடுத்தோம் என்றார் இவர். கனசதுர வலிமைக்கு மாற்றிய பிறகு 23.1, 21.9, 20.4, சராசரி 21.8. நாங்கள் பின்பற்றும் விதித்தொகுப்பின்படி சராசரி 25இல் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அதாவது 21.25, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது, அதாவது 18.75. இரண்டிலும் தேறியது, பொறியாளர் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டார்.

"அந்த 85 எங்கிருந்து வருகிறது?" என்று அடுத்த கேள்வி.

"இன்னும் தெரியாது, சார்" என்றாராம்.